மேல்தாங்கி இரவில் ஏன் வற்றுகிறது?

தொடர்மாடி உறவுகளுக்கு வணக்கம்.

வவுனியாவில் ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. குழாய்க்கிணற்றின் நீர்மட்டமும் இறங்கிவிட்டது. ஆனால் நேற்று எல்லோரும் உறங்கிய பின்பும் மேல்தாங்கியில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. தேடிப் பார்த்தால், ஒரு மலசலகூடத் தொட்டி சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. (என் வீடுதான், மன்னியுங்கள்!)

தயவுசெய்து இன்று எல்லோரும் சோதியுங்கள். தொட்டிக்குள் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் தண்ணீர் இழுக்காமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவுதான்.

எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு அடிவாஷரில் படிந்தால் அது சரியாக மூடாது. கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் தேயுங்கள். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதுவரை தொட்டியின் வால்வைப் பூட்டிவிட்டு, உடுப்பு அலசிய தண்ணீரை வாளியால் ஊற்றுங்கள்.