ரத்தம் கேட்கும் பதிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

நம் ஊர் அறப்பணிப் பக்கத்தை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் பெருந்துறைப் பக்கம் ஒரு நோயாளிக்கு ஓ நெகடிவ் இரண்டு யூனிட் கேட்டுப் பதிவு போட்டோம். அன்று இரவே ரத்தம் கிடைத்துவிட்டது. ஆனால் படத்தில் தேதி இல்லை; அலைபேசி எண்ணோ நோயாளியின் மகனுடையது. பல நாள் கழித்தும் சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் அவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தால் ஆள் அனுப்புவதாக ஒருவன் பேரம் பேசியிருக்கிறான். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அந்தத் தரகனுக்கு எண்ணை எடுத்துக் கொடுத்தது நம் பக்கம்தான்.

புதிய தன்னார்வலர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது விசாரிப்பதை. கோரிக்கையில் இருக்கும் எண்ணுக்குப் பேசினால் போதாது. மருத்துவமனையின் பொது எண்ணைத் தனியே தேடி, ரத்த வங்கிக்கு இணைப்புக் கேட்க வேண்டும். எந்த வகை, எத்தனை யூனிட், முழு ரத்தமா தட்டணுவா, எத்தனை மணிக்குள் என்று கேட்டுக் குறித்த பிறகே பதிவு. நோயாளியின் பெயரும் முகமும் வேண்டாம். தொடர்புக்கு அந்த வேளைப் பொறுப்பாளரின் எண் இருக்கட்டும். தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பரவுவது படம் மட்டுமே.

கொடுக்க முன்வருபவரிடமும் ஒரு கேள்வி உண்டு: கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும். இதைக் கேட்காமல் கோபியிலிருந்து ஒருவரை வரவழைத்துத் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

தேவை தீர்ந்ததும் பதிவை நீக்கிவிடுகிறோம். அது தவறு. பரவிய படத்தைப் பார்த்துச் சரிபார்க்க வருபவருக்கு எதுவும் கிடைக்காது. முதல் வரியில் ‘தேவை நிறைவேறியது’ என்று திருத்தி, பதிவை அப்படியே விட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் எல்லோரும் பார்க்கும் ஒரே அட்டவணை போதும். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அவர் வராவிட்டால் மாற்றுப் பெயர். அதே தாளில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி: விசாரித்தவர், வெளியிட்டவர், முடித்துவைத்தவர். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த வேளைக்காரர் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விசாரித்தவரே வெளியிடக் கூடாது. தெரிந்தவர் கேட்டார் என்று அவசரப்படும் இடம் அதுதான். புதியவர்கள் இரண்டு வாரம் எழுதிக் காட்டட்டும், வெளியிடும் உரிமை பிறகு. நம் பழைய பதிவுகளையே பிழை கண்டுபிடிக்கக் கொடுக்கலாம், பஞ்சமில்லை.

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை யாரும் கிடைக்கமாட்டார்கள் என்றுதான் அட்டவணைப் பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது. அந்த வேளையில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றுப் பெயர் மட்டும் உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பக்கத்தின் தன்னார்வலர் ஒருவர், திருப்பூர்