அக்டோபர் 6: கரப்பான் மருந்து பற்றி நம் குடித்தனக்காரர்களுக்கு

சாட்ஸ்வர்த்தில் நம் கட்டிடத்தில் குடியிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

அக்டோபர் 6 திங்கட்கிழமை காலை 8 மணியிலிருந்து வீடு வீடாகக் கரப்பானுக்கு மருந்து வைக்கிறோம். புரட்டாசிச் சனிக்கிழமை பூசைக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்றுதான் வார நாளாகப் பார்த்தோம்.

ஜூலையில் அடித்தது வெறும் தண்ணீர் என்று படிக்கட்டில் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அது பதிவு பெற்ற ஆள் அடித்த நல்ல மருந்துதான். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் இரண்டு வாரம் ஒரு கரப்பானும் இல்லை. அப்புறம் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் மட்டும் வந்தன. மருந்து வேலை செய்யாமல் இருந்திருந்தால் பெரிய கரப்பான்களும் சேர்ந்தே திரிந்திருக்கும். நம் சமையலறைகளில் இருப்பது ஜெர்மன் கரப்பான் என்கிற சின்ன வகை. அதன் பெண், முப்பது நாற்பது முட்டை உள்ள பையை வயிற்று நுனியிலேயே சுமந்து, பொரிக்கும் சமயத்தில்தான் விடும். தெளிக்கிற மருந்து அந்தப் பைக்குள் போகாது. ஃப்ரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் ஒன்று தப்பினாலும் போதும். மறுபடி ஒரு தடவை ஆள் அனுப்பாதது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் இந்த முறை பசை மருந்து. அலமாரிக் கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் பின்பக்கம் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டாக வைப்பார்கள். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்பவையும் சாகும். இடையில் பொரிக்கிற குஞ்சுகளுக்காக அக்டோபர் 27 திங்கட்கிழமை மறுபடி வருவோம்.

முந்தின ராத்திரியே சிங்க் அடியையும் அடுப்பை ஒட்டிய அலமாரிகளையும் காலி செய்துவிடுங்கள். அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் ஒரு முழம் முன்னால் இழுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். தின்ன வேறு ஏதாவது இருந்தால் கரப்பான் மருந்துப் பக்கம் வராது. குப்பையும் நாய்த் தட்டும் ராத்திரி வெளியே கிடக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. குழந்தைகள் மட்டும் பொட்டுகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் தீபாவளி வருகிறது. வீடு கழுவுங்கள், ஆனால் அந்தப் பொட்டுகளைத் துடைத்துவிடாதீர்கள். கடை ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். அந்த வாசம் பட்ட பசையைக் கரப்பான் தொடாது, குழாய் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடும். தெருவில் விற்கும் பொட்டல மருந்து வேண்டவே வேண்டாம். 2024 அக்டோபரில் சொவேட்டோவில் ஆறு பிள்ளைகள் இறந்தது அப்படிப்பட்ட விஷத்தால்தான்.

நவம்பர் வாடகையோடு வீட்டுக்கு 150 ரேண்ட் சேரும்.

அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் குடும்பங்களுக்கு மனமார்ந்த நன்றி. ஜூலையில் கோபம் இருந்தும் நேரில் வந்து சொன்ன மூன்றாம் மாடி அக்காவுக்கும் நன்றி. அவர் சொன்னதால்தான் குஞ்சுகள் வந்தது எங்களுக்குத் தெரிந்தது. திங்களன்று வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு மாலைக்குள் சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். மருந்து வைக்கும்போது நானே கூட நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரர்