புளி கரைத்தாலும் முறியாத நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் பேத்தை மீன் குழம்பு வைக்கும் குறிப்பு ஒன்று வந்திருந்தது. தோலை உரித்து, குடலை எடுத்துவிட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசி, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் நஞ்சு முறிந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. முறியாது. அடுத்த இதழிலேயே அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றாகக் கொதித்தால் கெட்டதெல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. கிருமி சூட்டில் சாகும். சில நஞ்சுகள் புரதங்கள். முட்டையின் வெள்ளைக்கரு அடுப்பில் இறுகுவதைப் போல அவை சூட்டில் உருக்குலைந்து செயலிழக்கும். பேத்தையில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் கிருமியும் இல்லை, புரதமும் இல்லை. கூண்டு போல இறுக்கமாகக் கட்டிய ஒரு சிறு மூலக்கூறு அது. குழம்பு கொதிக்கும் சூடு அதை ஒன்றும் செய்வதில்லை. உப்பைக் கொதிக்க வைத்தால் கரிப்புப் போகிறதா? அதே கதைதான். புளி விஷயத்தில் குறிப்பு எழுதியவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்த நஞ்சைச் சிதைப்பது புளிப்புக்கு எதிரான கடுமையான வேதிக்காரம், மிளகாய்க் காரமல்ல. இலேசான புளிப்பில் அது நன்றாகக் கரையும், கரைந்தபின் நிலையாகவும் இருக்கும். ஆகவே ஈரலிலும் சினையிலும் இருந்த நஞ்சு புளிக்குழம்பில் பரவி, சோற்றில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டவருக்கும் போய்ச் சேரும். கருவாடாக்கினாலும் ஈரம்தான் வற்றும், நஞ்சு வற்றாது.

‘ஜப்பானில் சாப்பிடுகிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே உரிமம் பெற்ற சமையற்காரர் நஞ்சை அழிப்பதில்லை. எந்த இனத்தில் எந்த உறுப்பில் நஞ்சு தங்கும் என்று தெரிந்து, அதைக் கிழியாமல் அகற்றுகிறார், அவ்வளவுதான். அந்த நாட்டின் புகழ்பெற்ற கபுகி நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ 1975 ஜனவரியில் கியோத்தோ உணவகத்தில் நான்கு பங்கு ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சில மணி நேரத்தில் இறந்தார். அதோடு, ஜப்பானில் விரும்பி உண்ணும் இனங்களில் சதையில் நஞ்சு தங்குவதில்லை. நம் கடலில் பிடிபடும் பேத்தைகளில் லேகோசெபாலஸ் லூனாரிஸ் என்ற இனத்துக்குச் சதையிலேயே நஞ்சு உண்டு. அதன் ஈரலை எவ்வளவு நேர்த்தியாக எடுத்தாலும் பயனில்லை. தலையும் தோலும் போய்த் துண்டாகி வந்துவிட்டால் எந்த இனம் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வங்கதேசத்தில் 2008 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று இடங்களில் பேத்தை தின்று 141 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள்; அவர்களில் 17 பேர் இறந்தார்கள்.

பேத்தையையாவது கண்டு ஒதுக்கிவிடலாம். உருண்டை உடம்பு, கிளி மூக்கு போல முன்துருத்திய நான்கு பற்கள், தொட்டால் ஊதிக்கொள்ளும் வயிறு. மட்டியும் சிப்பியும் அப்படியல்ல. இன்று நல்லதாக இருக்கும் மட்டி அடுத்த வாரம் நஞ்சாக மாறியிருக்கும். பார்வைக்கும் மணத்துக்கும் சுவைக்கும் ஒரு வேறுபாடும் தெரியாது. அலெக்சாண்ட்ரியம், பைரோடினியம் முதலிய நுண்பாசிகள் கடலில் பெருகும்போது மட்டி நீரை வடிகட்டி அவற்றைத் தின்கிறது. பாசியிலுள்ள சாக்சிடாக்சின் அதன் உடம்பில் சேர்கிறது. மட்டிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மனிதருக்கு ஆகும்.

எவ்வளவு சேரும்? நூறு கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு. பாசி மிகுந்த காலத்தில் அதே நூறு கிராமில் சில ஆயிரம் மைக்ரோகிராம் கூட இருக்கும். 2,000 என்று வைத்துக்கொண்டால் அது இரண்டு மில்லிகிராம். ஒரு சிறு கிண்ணம் மட்டிச் சதை ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

1987இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையோர ஊரான சாம்பெரிகோவில் இதுதான் நடந்தது. மட்டி சூப் குடித்தவர்களில் 187 பேர் பாதிக்கப்பட்டார்கள், 26 பேர் இறந்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பெரியவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஏழு சதவீதம். மட்டியை வேகவைத்த நீர்தான் சூப். சதையிலிருந்து நீருக்கு இறங்கிய நஞ்சு அங்கேயே கிடந்தது. காரம் வேண்டாம் என்று குழந்தைக்கு வெறும் சாற்றை ஊட்டும் வழக்கம் நமக்கும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். நமக்குத் தொலைவான செய்தி என்றும் எண்ண வேண்டாம். 1981இல் கல்பாக்கத்தை ஒட்டிய வயலூரில் மட்டி தின்று மூவர் இறந்தார்கள், எண்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சென்றார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பியால் ஏழு பேர் இறந்தார்கள்.

கடலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதும் தவறு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் நீல ஒளி வீசியதும், அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் நீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதும் நாக்டிலூகா என்ற உயிரியால். அது சாக்சிடாக்சினை உண்டாக்குவதில்லை. மீன் செத்தது நீரில் ஆக்சிஜன் குறைந்ததால். மறுபக்கம், தெளிந்து கிடக்கும் நீரிலும் மட்டியை நஞ்சாக்கப் போதுமான பாசி இருக்க முடியும். வாளித் தண்ணீரில் ஓரிரவு போட்டு மண் கக்கவைப்பது மணலைத்தான் போக்கும். நஞ்சு வெளியேறப் பாசியற்ற கடல்நீரில் மட்டி வாரக்கணக்கில் இருக்க வேண்டும். மட்டியை ஆய்வகத்தில் சோதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டு நஞ்சுகளும் உடலில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை அடைக்கின்றன. பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப் போகும், சிலருக்கு இன்னும் தாமதமாகலாம். பிறகு விரல்நுனிகள், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சு. உதடு மரத்ததுமே 108ஐ அழையுங்கள். ‘ஒவ்வாமை’ என்று மாத்திரை போட்டுக் காத்திருப்பதும், விழுங்கச் சிரமப்படுபவருக்கு மோர் புகட்டுவதும் ஆபத்து. மிஞ்சிய மீனையோ மட்டி ஓட்டையோ பாலித்தீன் பையில் எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாக மீள்கிறார்கள், ஏனெனில் நஞ்சு சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இமைகூட அசையாமல், கண்மணி விரிந்து கிடப்பவரைப் பார்த்து மூளைச்சாவு என்று உறவினர்கள் கலங்குவார்கள். அவருக்கு நினைவு இருக்கலாம், பேசுவது காதில் விழுந்துகொண்டிருக்கலாம். பேத்தையோ மட்டியோ சாப்பிட்டார் என்ற ஒரு வரியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், கருவியை நிறுத்த அவசரப்பட மாட்டார்கள்.

இப்படிக்கு,
கடல் உணவுப் பரிசோதனைப் பணியிலுள்ள வாசகர்,
தூத்துக்குடி