மதுரை நோட்டீசுக்குப் பதில்

அருப்புக்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் கடைப் பேச்சை எடுத்தாலே உன் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார். அதனால்தான் காகிதம். ஓசூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். அக்கா வாங்கித் தந்த ஸ்வெட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கப்போகிறது, எடுத்துப் போடு.

நம் கடைக்குச் சரக்கு அனுப்புகிற மதுரைக்காரர், பாக்கி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை வந்தது. பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் இல்லையா, அதில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அசல் 2,52,400, வட்டி 24 சதவீதம், நோட்டீஸ் செலவு தனி, 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு என்று மூன்று பக்கம். அப்பா காலத்தில் இந்தக் கடைக்கு இப்படி ஒரு தபால் வந்ததில்லை. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மனசில் வந்தது எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்த வக்கீலிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, செக் ஏதாவது திரும்பியிருக்கிறதா என்று. இல்லை என்றேன். அப்படியென்றால் பயப்பட வேண்டாம், அந்த 15 நாள் செக் நோட்டீசுக்குத்தான் சட்டம், இது அவர்களாக வைத்த கெடு என்றார். ஆனாலும் பேசாமல் இருக்கக் கூடாதாம். நாளைக்குக் கோர்ட்டில் நாம் எதைச் சொன்னாலும் ‘அப்போதே ஏன் மறுக்கவில்லை’ என்று கேட்பார்களாம். மொத்தமாக ‘எல்லாம் பொய்’ என்று எழுதுவதும் ஆகாதாம். ஒவ்வொரு பில்லாக, இது சரி, இது தப்பு, இதற்கு இது ஆதாரம் என்று சொல்ல வேண்டும்.

நாலு நாளாகச் சாப்பாட்டு மேஜையில் பில் பரப்பி உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் ஒன்பது பில், 4,12,400. நாம் பேங்கில் போட்டது 1,60,000. மீதிதான் அவர்கள் கேட்பது. ஆடிட்டர் ஆபீஸ் பெண், நம் ஜி.எஸ்.டி. நம்பரில் GSTR-2B எடுத்துக் கொடுத்தாள். மதுரைக்காரர் நம் பேரில் எந்தெந்த பில்லைக் கணக்குக் காட்டினாரோ அது அதில் வந்துவிடும். ஒன்பதில் ஏழுதான் இருக்கிறது. 22,700-க்கு ஒன்று, 23,500-க்கு ஒன்று, இரண்டும் இல்லை. இந்த இரண்டுக்கும் லாரி ரசீதும் நம் ஃபைலில் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் கடைப் பேரிலேயே ஒரு கடை இருக்கிறதே, அங்கே இறங்கின சரக்கோ என்று எனக்குச் சந்தேகம். வக்கீல் அதை எழுத வேண்டாம் என்றார். சரக்கு வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டு, டெலிவரி ரசீதின் நகலைக் கேட்கலாம் என்றார். 2B-யில் இல்லை என்பதால் மட்டும் சரக்கு வரவில்லை என்று ஆகிவிடாதாம், அவர்கள் ஏற்ற மறந்திருக்கலாம். மற்ற ஏழும் இருக்கும்போது இரண்டு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பதற்குத்தான் அது. அதே தாள் நம்மையும் கட்டிப்போடும். அந்த ஏழுக்கும் வரிக் கழிவு எடுத்துக்கொண்டோம், இனி சரக்கு வரவில்லை என்று வாய் திறக்க முடியாது.

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் குழாய். நாலு பெட்டி, 250 எண்ணம். நீ மறந்திருக்க மாட்டாய். மூடின பிறகும் சொட்டுச் சொட்டென்று ஒழுகி, பிளம்பர் ஒருத்தர் குழாயைக் கல்லாமேல் வைத்து, திருகுகிற இடத்தில் மயிரிழையாக ஓடின கீறலை நகத்தால் காட்டினாரே. 2023 நவம்பரில் நீதான் கட்டி லாரி ஆபீசில் போட்டாய். ரசீதை ‘திரும்பினது’ என்று தனிக் கம்பியில் குத்தியும் வைத்திருந்தாய். அதைப் பார்த்ததும் வக்கீல், ‘உங்கள் பையன் ஒழுங்கான ஆள்’ என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதன் மதிப்பு வரியோடு 29,500. அவர்கள் கிரெடிட் நோட் போட்டு அதைக் கணக்கில் கழிக்கவே இல்லை. ஆனால் நம் பக்கமும் ஓட்டை உண்டு. திருப்பின சரக்குக்கு எடுத்த 4,500 வரிக் கழிவை நாமும் திருப்பவில்லை. ஆடிட்டர் திட்டினார். வட்டியோடு கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் ‘திருப்பினேன் என்கிறாய், கழிவை மட்டும் வைத்துக்கொண்டாயே’ என்று எதிர்வக்கீல் கேட்பார்.

வட்டியை முழுசாக மறுக்கிறோம். பில் அடியில் 24 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நாம் அதற்குக் கையெழுத்துப் போட்டதில்லை, அவர்கள் அனுப்பின ஸ்டேட்மெண்டிலும் ஒரு வருஷம்கூட வட்டி ஏற்றினதில்லை.

இனி ரொக்கம். 2022 டிசம்பரில் மதுரைக்காரரின் ரெப்பிடம் 30,000 கொடுத்ததற்கு அவர் எழுதின துண்டுச்சீட்டு கிடைத்துவிட்டது. கையெழுத்தும் இருக்கிறது. இன்னொன்று, 40,000. 2023 மே மாதம், நான் கண் ஆபரேஷனுக்கு மதுரையில் படுத்திருந்த பத்து நாளில் கொடுத்தது. அதற்குச் சீட்டு இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ரொக்கம் கொடுத்தால் சீட்டு வாங்கு, சீட்டு வாங்கு என்று. பேங்கில் போடு என்றும் சொன்னேன். சரி, போனது போகட்டும்.

கூட்டிக் கழித்தால், வராத இரண்டு பில் 46,200, குழாய் 29,500, சீட்டு உள்ள 30,000 போக 1,46,700 நிற்கிறது. அந்த 40,000-ம் போனால் 1,06,700. இது நாம் கொடுக்க வேண்டிய பணம். மாப்பிள்ளை, தொகையைச் சொல்லவே வேண்டாம், மொட்டையாக மறுத்து எழுதலாம் என்கிறார். தொகையைக் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டால் அவர்கள் வழக்குப் போட அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கெடு ஓட ஆரம்பிக்கும் என்பதால் சொல்கிறார். அது நிஜம்தான் என்று வக்கீலும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கி விற்ற சரக்குக்குக் காசு கொடுக்காமல் கடையைத் திறந்து வைக்க என்னால் முடியாது. கடைசியில் வக்கீல்தான் வழி சொன்னார். ஒப்புக்கொள்கிற தொகையைப் பதிலோடேயே அவர்கள் பேங்க் கணக்கில் போட்டுவிட்டு, இது இன்ன தேதி, இன்ன நம்பர் பில்லுக்கு என்று எழுதிவிட வேண்டும். கொடுக்கிறவர் சொன்ன கணக்கில்தான் வாங்குகிறவர் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் போட்டால் அவர்கள் வட்டியில் கழிப்பார்கள், இல்லாவிட்டால் வராத பில்லில் கழித்துவிட்டு ‘பார், அதற்கும் கட்டியிருக்கிறாய்’ என்பார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டுப் படுக்கப் பார்த்தேன். நோட்டீசில் ஐந்தாவது பத்தி. 31-3-2024 அன்று பாக்கி 2,52,400 சரி என்று நம் கடை எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதம் அவர்கள் கையில் இருக்கிறது. மாப்பிள்ளை அதைப் படித்ததும் ‘மச்சான் வேலை’ என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அது நீ இல்லை. நான் போட்ட கையெழுத்து. ரெப் வந்தபோது நீ பேங்குக்குப் போயிருந்தாய். வருஷக் கடைசி, ஆடிட்டருக்கு வேணும், சும்மா ஒரு சம்பிரதாயம்தான் என்றார். கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை தம்பி. கடை முத்திரையையும் நானே எடுத்து அழுத்தினேன். குழாய் கழிந்திருக்கிறதா, ரொக்கம் ஏறியிருக்கிறதா, ஒன்றும் பார்க்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஸ்டேட்மெண்ட் வந்து, அந்த 40,000 எங்கே என்று உன்னைக் கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டேனே, அப்போதும் அந்தக் கடிதம் என் மனசில் இருந்தது. என் தப்பை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேனோ என்னவோ. அடுத்த மாதம் நீ ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய்.

அந்தக் கையெழுத்தால் வந்த வினையைக் கேள். முதல் இரண்டு பில் 2022 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போட்டது. முப்பது நாள் தவணை, அதிலிருந்து மூன்று வருஷம் என்றால் இந்த அக்டோபரோடு கெடு முடிந்திருக்கும். நோட்டீஸ் அனுப்புவதால் கெடு நீளாது. என் கையெழுத்துதான் 2027 மார்ச் வரைக்கும் நீட்டிக் கொடுத்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, வாங்கின சரக்கு. வராத இரண்டு பில்லும் அந்தத் தொகைக்குள் இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. வக்கீலிடம் வெள்ளிக்கிழமை தனியாகப் போய்ச் சொன்னேன். ஒப்புக்கொண்டது தப்பு என்று காட்ட வழி உண்டு, ஆனால் பாரம் நம் தலையில் என்றார். பதிலில் இதை மறைக்கக் கூடாதாம், எப்படிப் போட்டது என்று நாமே சொல்லிவிட வேண்டுமாம். ‘படிக்காமல் போட்டேன்’ என்று அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் அக்காவிடமும் நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை பதில் போக வேண்டும். அதற்குள் அந்த 40,000-க்கு எனக்கு இரண்டு வரி எழுது. எந்தத் தேதி, கடையிலா வேறெங்காவதா, கூட யார் இருந்தார்கள். எழுத முடியாத மாதிரி ஏதாவது இருந்தால், ‘1,46,700 போடும்மா’ என்று மட்டும் அனுப்பு. மேற்கொண்டு கேட்க மாட்டேன், இப்போதும் இல்லை, பொங்கலுக்கு நீ வரும்போதும் இல்லை. உன் 2023 டைரி மர பீரோவில் உன் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. சீட்டுத் தேடும்போது கையில் தட்டுப்பட்டது. திறக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

அம்மா