கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டேன்

பல்லடம்,
மார்ச் இரண்டாம் வாரம்

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. கோபியில் இந்த வருசம் மஞ்சள் எப்படி, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் பள்ளியில் தற்காலிகமாக வந்த இயற்பியல் டீச்சரைப் பற்றி எழுதியிருந்தாய். "வருசக் கடைசி நாளில் சொல்லிக்கொள்கிறேன், முன்னாடியே சொன்னால் வேலையில் மனசு இருக்காது" என்று. படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாததால், ஜூன் மாதம் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனபோது வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தியது யாரை மாப்ள? தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது மறந்துவிட்டதா?

இங்கேயும் அதே கதைதான் நடந்தது, அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன். எங்கள் கணக்கு ஆசிரியை போன ஜூனில் மகப்பேறு விடுப்பில் போனார். 2021இலிருந்து அரசு ஊழியர்களுக்கு அது ஓராண்டு அல்லவா, வருகிற ஜூனில் திரும்பிவிடுவார். அந்த ஒரு வருசத்துக்கு ஊர்க்காரப் பெண் ஒருத்தியைப் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் வைத்துக்கொண்டோம். ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு. தங்கமான வேலை.

எப்போது சொல்வது என்பதில்தான் எனக்கு வெசனம். "பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் சார், பிள்ளைகள் பாதிக்கும்" என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் நம் பக்கத் தனியார் பள்ளிகள் ஆள் எடுப்பது எப்போது? மார்ச், ஏப்ரலில் நேர்காணல், மே தொடக்கத்தில் பெரும்பாலும் இடம் நிரம்பிவிடும். ஏப்ரல் கடைசி நாளில் சொன்னால் அவளுக்கு ஒரு வருசமே போய்விடும். நம் பரீட்சைக்காக அவள் பிழைப்பை மறைத்து வைப்பது எந்த ஊர் நியாயம்? மார்ச் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கழகக் கூட்டத்தில் அதற்கான தீர்மானம் காலையில் போட்டோம். அன்று மதியமே அவளிடம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் உறுப்பினர்களில் ஒருவர் மளிகைக்கடை. நான் ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் துவரம்பருப்போடு சேர்த்துச் செய்தியும் அவள் வீட்டுக்குப் போயிருக்கும்.

அன்று மதியம் அவளுக்கு வகுப்பு இல்லை. வகுப்புக்குப் போகிற நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் நில் என்று அனுப்பக்கூடாது. மூத்த டீச்சர் ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்: "விடுப்பில் போனவங்க ஜூனில் திரும்பறாங்க, அதனால உங்க பணி ஏப்ரல் கடைசி வேலைநாளோட முடியுதும்மா. உங்க வேலையில எந்தக் குறையும் இல்லை." பாராட்டை அப்புறம்தான் எடுத்தேன். முதலில் பாராட்ட ஆரம்பித்தால் கேட்கிறவருக்கு அது காதில் ஏறாது, "ஆனால்" எப்போது வரும் என்றே உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அடுத்த வருசம் எடம் இருந்தாக் கூப்பிடுவீங்களா சார்?" என்றாள். மாப்ள, அந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் சறுக்குவோம். "பார்க்கலாம்மா, கவலைப்படாதீங்க" என்று வாய் வரை வந்தது. அப்படிச் சொன்னால் அவள் கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு ஜூன் வரை நம்மை நம்பிக் காத்திருப்பாள். "எனக்குத் தெரிஞ்சு எடம் இல்லைம்மா. வந்தாத் தகவல் சொல்றேன். ஆனா அதை நம்பி வேற வேலையை விட்டுடாதீங்க" என்றேன். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் அப்போதே உடைத்துச் சொன்னேன். பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, மே மாதம் போன் வந்தால் எடுப்பதில்லை.

மறுநாள் கடிதம். எங்கள் எழுத்தர் கொண்டுவந்த நகலில் "இனி தங்கள் சேவை தேவையில்லை" என்று ஒரு வரி. நாளைக்கு இதை வேறொரு பள்ளியில் யாராவது படித்தால் ஏதோ தப்பு செய்து போனவள் என்றுதான் நினைப்பார்கள். காரணமும் தேதியும் இல்லாத கடிதம் அப்படித்தான் படும். கிழித்துவிட்டு நானே எழுதினேன்:

"மகப்பேறு விடுப்புக் காலத்துக்காகக் கடந்த ஜூன் முதல் தாங்கள் ஆற்றிவரும் தற்காலிகப் பணி, விடுப்பில் உள்ள ஆசிரியர் திரும்புவதால், ஏப்ரல் கடைசி வேலைநாளுடன் நிறைவடைகிறது. அதுவரையிலான ஊதியம் அன்றே வழங்கப்படும். ஒன்பதாம் வகுப்பில் வகுத்தல் தெரியாமல் இருந்த மாணவர்களை மதிய இடைவேளையில் தனியே அமர்த்தி, தறிக்கூலிக் கணக்கு மூலம் தாங்கள் கற்பித்ததைப் பள்ளி நன்றியுடன் நினைவுகூர்கிறது."

அந்தத் தறிக்கூலி விசயம் உண்மை. எங்கள் பிள்ளைகளில் பாதி விசைத்தறி வீடுதான். மீட்டருக்கு இவ்வளவு கூலி, வாரத்துக்கு இத்தனை மீட்டர், முன்பணம் பிடித்தது போகக் கைக்கு எவ்வளவு என்று அவள் போட வைத்தாள். வகுத்தல் வராதவன் வீட்டுக்குப் போய் அப்பாவுக்கே கணக்குப் பார்த்துச் சொன்னான். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று எல்லோருக்கும் எழுதுகிற வரியை எழுதியிருந்தால் இது யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, இதை நீயும் செய். அனுபவச் சான்றைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதே. நேர்காணல் இப்போதே நடப்பதால், "ஜூன் முதல் இன்றுவரை பணியாற்றிவருகிறார்" என்று எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதோடு ஒரு சான்று கையோடு கொடுத்தேன். முடிவுத் தேதி போட்ட இன்னொன்று கடைசி நாளில். ஒப்படைக்க வேண்டியதையும் இப்போதே சொல்லிவிட்டேன்: ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேடு, திருத்திய விடைத்தாள், ஸ்மார்ட் வகுப்பறைச் சாவி. "எல்லாம் வந்தப்புறம் சம்பளம் குடுக்கலாங்க" என்றார் எங்கள் பொருளாளர். சாவிக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சத்தம் போட்டேன்.

வேலையில் மனசு இருக்காது என்றாயே, சொன்னதிலிருந்து ரெண்டு நாள் முகம் வாடித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலச் சிறப்பு வகுப்பு வழக்கம்போல. நடுவில் ஒரு நாள் நேர்காணலுக்கு அவிநாசி போக விடுப்பு கேட்டாள், கொடுத்தேன். பிள்ளைகளிடம் பரீட்சை முடிந்த பிறகு தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். சால்வை, போட்டோ என்று கழகத்தலைவர் கிளம்பினார். அவளிடம் கேட்டதற்கு, ஆசிரியர் அறையில் எல்லோரும் சேர்ந்து டீ குடித்தால் போதும் என்றாள். அப்படியே செய்வோம்.

ஆகவே, இந்த வாரமே உன் இயற்பியல் டீச்சரைக் கூப்பிட்டுச் சொல். தள்ளிப்போட்டால் அந்த வாட்ச்மேன் கதையை உன் பேரன் பேத்திகளுக்கு நானே சொல்லித் தருவேன்.

உங்கள் பக்கம் கணக்குக்கு ஆள் எடுத்தால் எனக்கு எழுது. ஒரு வகுப்பு எடுக்க விட்டுப் பார், பிடித்தால் எடு. என் பேருக்காக எடுக்காதே. அவளிடம் உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

நோம்பிக்கு வருகிறாயா இல்லையா? ஒரம்பரை நிறைய வரும், முன்னாடியே சொன்னால் திண்ணைப் பக்கம் உனக்கு ஒரு கட்டில் பிடித்து வைப்பேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்