ஆயா வீட்டுப் படமும் பெயர்ப் பலகைகளும்

கடலூர், மஞ்சக்குப்பம்
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் நடந்த தாத்தாவின் சதாபிஷேகத்தைப் படமெடுத்தேன் இல்லையா, இத்தனை நாளாக அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பாரிஸில் இருக்கும் பேரப் பிள்ளைகளுக்கு யார் யாரென்றே தெரியாது. அதனால் ஒவ்வொருவர் வரும்போதும் காட்சியை நிறுத்திப் பெயர் போட நினைத்தேன். முதல் வெட்டில் 31 பேரை நிறுத்தினேன், ஆளுக்கு மூன்று விநாடி. கூட்டிப் பார், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் படம் நின்றுகொண்டே இருக்கிறது! போனில் பார்த்த அப்பா, "நெட் போயிடுச்சாப்பா?" என்று கேட்டார். நின்றவுடன் சத்தமும் நின்றுபோனதால்தான் அப்படி.

சரி, சத்தத்தை மட்டும் ஓடவிடலாம் என்று பார்த்தால் வேறு தொல்லை. படம் மூன்று விநாடி தாமதமாகிறது, சத்தம் முன்னால் போய்விடுகிறது, அப்புறம் யார் பேசினாலும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கடைசியில் படத்தை நிறுத்தும் அதே இடத்தில் பேச்சையும் வெட்டி, நடுவில் வந்த இடைவெளியில் மண்டபத்து இரைச்சலையும் நாதஸ்வரத்தையும் நிரப்பினேன். பெயரும் நின்ற அதே நொடியில் வந்துவிட வேண்டும், அரை விநாடி தாமதித்தாலும் படம் மாட்டிக்கொண்டது போலத்தான் தோன்றும்.

பெரிய அத்தையை எடுத்துக்கொள். வாசலில் பன்னீர் தெளிக்கிறாள். கை வீசும் நேரத்தில் நிறுத்தினால் விரல்களெல்லாம் கலங்கல், முகத்தில் பாதிக் கண் மூடியிருக்கிறது. விநாடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றாக அம்புக்குறி விசையில் தள்ளிப் பார்த்தேன். கை மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் தங்குகிறது பார், அங்கேதான் கலங்கல் மிகக் குறைவு. எந்த அசைவும் அப்படித்தான், திரும்பும் புள்ளியில் தெளியும். அங்கே அவள் சிரிப்பும் முழுசாக இருந்தது, வலது பக்கம் வெறும் சுவர். பெயருக்கு அதைவிட நல்ல இடம் ஏது!

ஆனால் பெயருக்குக் கீழே என்ன போடுவது? "பெரிய அத்தை" என்று போட்டேன். எனக்குத்தான் அவள் அத்தை, அவள் பிள்ளைகளுக்கு அம்மா, சித்திக்கு நாத்தனார், என் மகனுக்கு அத்தைப்பாட்டி. பார்க்கிற ஆளுக்கு ஆள் முறை மாறுகிறது. எனவே எல்லா முறையையும் ஆயாவிடமிருந்தே எண்ணினேன்: "செல்வி, ஆயாவின் மூத்த மகள்". ஆயா யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுவதால் யாருக்கும் குழப்பமில்லை. அப்புறம் ஆயாவின் ஆறு பிள்ளைகளை மட்டும் தனித்தனியாக நிறுத்தினேன். பேரப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு குழு நிறுத்தம், தலைக்கு மேலே பெயர்கள். அதற்கு மூன்று விநாடி போதாது. வாய்விட்டு எல்லாப் பெயரையும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், ஐந்து பேருக்கு ஏழு விநாடி ஆனது, அதையே வைத்துக்கொண்டேன்.

சின்னச் சித்தப்பா விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பங்குனியில் அவர் போனது உனக்குத் தெரியும். பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்து நிமிர்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அதை நிறுத்தியபோது நிழல் போல ஒரு மாலை விழாததுதான் குறை, அப்படியே சுவரில் மாட்டிய படம். ஆயாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் நடக்கட்டும்பா, நிறுத்தாத" என்றாள். அவரை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த இலைக்கு நகர நகர, பெயரும் அவர் தோளோரமாகவே வரும்படி சில பிரேமுக்கு ஒருமுறை இடம் குறித்து ஓட்டினேன். ஒரு முழு இரவு ஆனது. அவருக்காக அது ஒன்றும் அதிகமில்லை, முரளி.

இப்போது ஒரே ஒரு இடம் மிச்சம். உன் அம்மா மேடைக்குப் பக்கத்தில் ஆயாவின் முந்தானையைச் சரிசெய்கிறார், திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பிரேம் அப்படி வந்திருக்கிறது. பெயர் போட்டாயிற்று, கீழ் வரி காலி. "பக்கத்து வீடு" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆயாவைக் கேட்டால் "மக தான்" என்கிறாள். அம்மாவிடம் கேட்டு, என்ன போடட்டும் என்று எழுது. வெள்ளிக்குள் சொன்னால் பாரிஸுக்கு அனுப்பிவிடுவேன்.

உன்
சேகர்