கோடு சரிந்தது, விலை சரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பொருளாதாரச் செய்திகளோடு நம் தமிழ்ப் பத்திரிகைகள் இப்போது அடிக்கடி வரைபுகளையும் போடுகின்றன. நல்ல விஷயம். ஆனால் அவற்றின் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் பெரும்பாலும் 'கணிசமாக உயர்ந்து பின்னர் வெகுவாகக் குறைந்துள்ளது' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள் என்பதால், இந்த ஒரு வரி மாணவர்களை எவ்வளவு குழப்புகிறது என்று எனக்குத் தெரியும். இலங்கையின் 2022, 2023 ஆண்டுகளின் பணவீக்க வரைபைக் காட்டி, கோடு எப்படிப் போகிறது என்று எழுதச் சொன்னேன். 'விலைகள் வெகுவாகக் குறைந்தன' என்று பலர் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், "அப்ப ஏன் ரீச்சர் கடையில சாமான் விலை குறையேல்லை?" என்று கேட்டாள்.

அவளுடைய கேள்விக்கு வரைபிலேயே பதில் இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக உச்சம் தொட்டது. 2023 செப்டெம்பரில் அது 1.3 சதவீதம். இரண்டும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு விலைகள் ஏறிய வேகங்கள்தான், விலைகள் அல்ல. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கள் ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாவுக்கு வந்தன. அடுத்த ஆண்டு 172 ரூபாவாகின. (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013 இலிருந்து 2021க்கு மாறியதால் இது தோராயக் கணக்கு.) கோடு இறங்கிய அந்த ஓராண்டில் விலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. ஆகவே இறங்கியது எது என்று எழுவாயைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'பணவீக்கம் வீழ்ந்தது' சரி, 'விலைகள் வீழ்ந்தன' தவறு. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மைனஸ் 0.5 சதவீதமானபோதுதான், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு 'விலைகள் சற்றே குறைந்தன' என்று எழுத இடம் வந்தது. 'சற்றே' என்பதற்குப் பக்கத்தில் அந்த அரைச் சதவீதமும் இருந்தால்தான் வாசகருக்கு அளவு புரியும்.

இறங்கிய விதமும் ஒரே மாதிரி இல்லை. உச்சத்திலிருந்து 2023 பெப்ரவரி வரையான ஐந்து மாதங்களில் 69.8 இலிருந்து 50.6க்கு வந்தது. மார்ச்சில் 50.3, கிட்டத்தட்ட அதே இடம். அப்புறம் நான்கே மாதங்களில் 6.3க்கு விழுந்தது. முதல் பகுதிக்கு 'படிப்படியாகத் தணிந்தது', மார்ச்சுக்கு 'ஏறக்குறைய மாறாதிருந்தது', அடுத்ததற்கு 'செங்குத்தாகச் சரிந்தது' என்று வினைகள் வேறுபட வேண்டும். வேறுபடுத்தினால்தான் 'ஏன் ஏப்ரலில் இருந்து?' என்ற கேள்வியே வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. அந்த மாதங்களில் விலைகள் எகிறின. ஓராண்டு கழித்து ஒப்பீடு அந்த எகிறிய விலைகளோடு நடந்ததால் வீதம் தானாகவே பெருமளவு இறங்கியது. 'வெகுவாகக் குறைந்தது' என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் இந்தக் காரணம் கண்ணில் படாமலே போகும்.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். 69.8 இலிருந்து 1.3க்கு வந்ததை '68.5 சதவீதம் குறைந்தது' என்று எழுதுவது. அது 68.5 சதவீதப் புள்ளிகள். சதவீதமாகவே சொல்வதென்றால் ஏறத்தாழ 98 சதவீத வீழ்ச்சி. இரண்டில் எதை எழுதினாலும் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூடவே தந்துவிட்டால் வாசகர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு மாதத்தின் எண்ணையும் அடுக்கச் சொல்லவில்லை. அதுவும் வாசிக்க முடியாது. தொடக்கம், திரும்பிய இடம், முடிவு ஆகிய மூன்றும் மாதத்தோடு வந்தால் போதும். கோட்டிலிருந்து கண்ணால் வாசித்த எண்ணென்றால் 'சுமார்' என்று போடலாம். இனிப் பணவீக்க வரைபு போடும்போது, பக்கத்திலேயே விலைச்சுட்டெண்ணின் கோட்டையும் சிறிதாகப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒரே மாதாந்த வெளியீட்டில் தருகிறது.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6